பழுதுபார்ப்புக்கு முன் பிளேஸ்டேஷன் 4 சேமிப்புக் கோப்புகளைக் காத்தல்

பிளேஸ்டேஷன் 4 சேமிப்புக் கோப்புகளைக் காத்தல் என்பது, கன்சோலைப் பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு அல்லது அதன் நினைவகத்தை முழுவதுமாக அழித்து மீட்டமைப்பதற்கு முன், விளையாட்டுகளில் அடைந்த முன்னேற்றத்தைப் பதிந்து வைத்திருக்கும் கோப்புகளை யூ.எஸ்.பி. பென் டிரைவிலோ இணையவழி மேகச் சேமிப்பிலோ படியெடுத்து வைப்பதாகும். ஆங்கிலத்தில் பேச்சு வழக்கில் இக்கோப்புகள் "சேவ்" எனப்படுகின்றன. விளையாட்டைக் கடையில் மீண்டும் வாங்கலாம், இணையத்தில் மீண்டும் பதிவிறக்கலாம். நூறு மணி நேரம் ஆடிச் சேர்த்த சேமிப்புக் கோப்பை அப்படித் திரும்பப் பெற முடியாது. பழுதுபார்க்கும் இடங்கள் பொதுவாக உள்ளே இருக்கும் தரவுக்குப் பொறுப்பேற்பதில்லை. பலகை மாற்றப்பட்டாலோ, வேறு கன்சோல் கொடுக்கப்பட்டாலோ, சோதனைக்காக மென்பொருள் மீண்டும் நிறுவப்பட்டாலோ எல்லாம் போய்விடும்.

## கோப்பு எங்கே இருக்கிறது, யாருடையது

பிளேஸ்டேஷன் 4 கன்சோலில் விளையாட்டு வட்டில் எதுவும் எழுதப்படுவதில்லை. வட்டு படிப்பதற்கு மட்டுமே. சேமிப்புக் கோப்புகள் அனைத்தும் கன்சோலின் உள்ளே இருக்கும் வன்தட்டில் உள்ளன. வெளியே யூ.எஸ்.பி. வழியாக ஒரு வன்தட்டை இணைத்து அதில் விளையாட்டுகளை நிறுவியிருந்தாலும், சேமிப்புக் கோப்புகள் உள் வன்தட்டிலேயே தங்குகின்றன. "விளையாட்டெல்லாம் வெளி வன்தட்டில்தானே இருக்கிறது, அதைக் கழற்றி வைத்துக்கொண்டால் போதும்" என்று எண்ணிக் கன்சோலைக் கொடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. திரும்பி வந்ததும் விளையாட்டு அப்படியே இருக்கும், ஆனால் முதல் காட்சியிலிருந்து தொடங்கும்.

அடுத்தது, கோப்பு யாருடையது என்பது. ஒவ்வொரு சேமிப்புக் கோப்பும் மறையாக்கம் செய்யப்பட்டு, அதை உருவாக்கிய பயனரின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு எண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது. அண்ணனின் பயனர் பெயரில் ஆடியது அண்ணனின் கணக்கில் மட்டுமே திறக்கும். அதைத் தம்பியின் கணக்கில் திறக்கக் கன்சோலில் வழி எதுவும் கொடுக்கப்படவில்லை. ஆகவே காத்து வைக்க வேண்டியவை இரண்டு: ஒன்று கோப்பு, மற்றொன்று அக்கணக்கின் மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும். பென் டிரைவில் கோப்பு பத்திரமாக இருந்து கடவுச்சொல் மறந்துபோனால், அது சாவி இல்லாத பூட்டிய பெட்டிதான். இரு கட்டச் சரிபார்ப்பு இயக்கப்பட்டிருந்தால், கைபேசி கைவிட்டாலும் உள்நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளையும் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

வன்தட்டையே கழற்றிக் கணினியில் இணைத்துப் படித்துக்கொள்ளலாமே என்ற எண்ணம் எழலாம். முடியாது. வன்தட்டு முழுவதும் அந்தக் குறிப்பிட்ட கன்சோலுக்கே உரிய சாவியால் மறையாக்கப்பட்டிருக்கிறது. கணினி அதை வெறும் வடிவமைக்கப்படாத வட்டாகவே பார்க்கும். வேறொரு பிளேஸ்டேஷன் 4இல் பொருத்தினால், அதை அழித்து மென்பொருளைப் புதிதாக நிறுவும்படிதான் அந்தக் கன்சோல் கேட்கும்.

## மூன்று வழிகள்

முதல் வழி, சேமிப்புக் கோப்புகளை மட்டும் பென் டிரைவுக்குப் படியெடுப்பது. இதற்குச் சந்தா வேண்டாம். பெரும்பாலான விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்பு சில மெகாபைட் முதல் சில பத்து மெகாபைட் வரைதான் இருக்கும் என்பதால், ஒரு வீட்டில் உள்ள எல்லோருடைய கோப்புகளும் 16 ஜிபி பென் டிரைவில் வழக்கமாக அடங்கிவிடும்.

இரண்டாவது வழி, மேகச் சேமிப்பில் ஏற்றுவது. இதற்குப் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா தேவை. சந்தா நடப்பில் இருந்து, தானியங்கி ஏற்றமும் இயக்கப்பட்டு, ஓய்வு நிலையில் இணையத்தோடு இணைந்திருக்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், கன்சோல் தானாகவே கோப்புகளை ஏற்றி வைத்திருக்கும். ஆனால் இம்மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் ஏற்றம் நடந்திருக்காது. விளையாடி முடித்ததும் சுவரில் உள்ள மின்விசையை அணைத்துவிடும் வீடுகளில் ஓய்வு நிலை என்பதே நிகழ்வதில்லை. அங்கெல்லாம் "மேகத்தில் இருக்கும்" என்று நம்பியிருப்பது பல மாதங்களுக்கு முந்தைய பிரதியாக இருக்கக்கூடும்.

மூன்றாவது வழி, கன்சோல் முழுவதையும் வெளி வன்தட்டுக்குப் பிரதி எடுப்பது. `Settings` பட்டியலில் `System`, அதனுள் `Back Up and Restore` என்ற இடத்தில் இது உள்ளது. விளையாட்டுகள், அமைப்புகள், படங்கள் எல்லாம் சேர்ந்து வரும். இதற்குப் பெரிய வன்தட்டும், விளையாட்டுகளையும் சேர்த்தால் பல மணி நேரமும் வேண்டும். கன்சோல் நல்ல நிலையில் இருக்கும்போது வன்தட்டை மாற்றுபவர்களுக்கு இது ஏற்றது. பழுதான கன்சோலுக்கு ஏற்றதன்று. இடையில் அணைந்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோப்பைகள் இந்தப் பிரதியில் சேர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவற்றைத் தனியே இணையத்தோடு ஒத்திசைக்க வேண்டும்.

## ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வீட்டில் உள்ள பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம் கன்சோல், இயக்கிய இருபது நிமிடத்தில் சூடேறி அணைந்துவிடுகிறது என்று கொள்வோம். அதில் இரண்டு பயனர்கள். அண்ணன் தன் பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கில் உள்நுழைந்து தி விட்சர் 3 ஆடி வருகிறார். தம்பி ஒரு பயனர் பெயரை மட்டும் உருவாக்கி, இணையக் கணக்கு எதுவும் இல்லாமல் ஜி.டி.ஏ. 5 கதையை ஆடி வருகிறார். சந்தா இல்லை. மறுநாள் கன்சோலைக் கடைக்குக் கொடுக்க வேண்டும்.

இருபது நிமிடம்தான் அவகாசம் என்பதால் முழுப் பிரதி பற்றி யோசிக்க இடமில்லை. சேமிப்புக் கோப்புகளை மட்டும் எடுப்பதே பொருந்தும். வேலையைத் தொடங்குமுன் கன்சோலை ஓரிரு மணி நேரம் அணைத்து ஆறவிட்டு, காற்றோட்டமான இடத்தில் வைத்து, எந்த விளையாட்டையும் தொடங்காமல் இருந்தால், அந்த இருபது நிமிடம் சற்று நீளவும் கூடும். விளையாட்டு ஓடும்போதுதான் சூடு வேகமாக ஏறுகிறது. பட்டியல் திரையில் அவ்வளவு ஏறாது.

பென் டிரைவைக் கணினியில் முன்கூட்டியே வடிவமைத்துக்கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4 ஏற்பது `FAT32`, `exFAT` ஆகிய இரண்டு வடிவங்களை மட்டுமே. விண்டோஸ் கணினிகளில் பரவலாக உள்ள `NTFS` வடிவில் இருந்தால், பென் டிரைவைச் செருகினாலும் அது இணைக்கப்படவே இல்லை என்பதுபோல் கன்சோல் நடந்துகொள்ளும். பென் டிரைவ் கெட்டுவிட்டது என்று பலர் புதிது வாங்கப் போவது இந்த இடத்தில்தான். விளையாட்டுகளை நிறுவுவதற்காகக் கன்சோலே தனக்கென வடிவமைத்துக்கொண்ட வெளி வன்தட்டையும் இதற்குப் பயன்படுத்த முடியாது.

முதலில் அண்ணன் தன் பயனரில் உள்நுழைகிறார். `Settings` பட்டியலில் `Application Saved Data Management`, அதில் `Saved Data in System Storage`, அதில் `Copy to USB Storage Device` என்று செல்ல வேண்டும். விளையாட்டுகளின் பட்டியல் தோன்றும். கட்டுப்பாட்டுக் கருவியின் `OPTIONS` பொத்தானை அழுத்தினால் ஒரே நேரத்தில் பல விளையாட்டுகளைத் தேர்வு செய்யலாம். தேர்ந்தெடுத்து `Copy` கொடுத்தால், சாதாரணமாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பென் டிரைவில் ஏற்கெனவே பழைய பிரதி இருந்தால் மேலெழுதவா என்று கேட்கும். அந்த இடத்தில் இரு பிரதிகளின் தேதியையும் பார்த்துவிட்டுச் சம்மதிக்க வேண்டும்.

இவ்வாறு படியெடுத்ததில் தம்பியின் கோப்பு ஒன்றுகூட இல்லை. கன்சோல் எப்போதும் உள்நுழைந்திருக்கும் பயனரின் கோப்புகளை மட்டுமே காட்டும், எடுக்கும். ஒரே பயனரில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்று நினைத்துக் கொடுத்துவிடும் வீடுகளில் இழப்பு இரண்டாவது ஆளுக்குத்தான், பெரும்பாலும் வீட்டின் இளையவருக்கு.

தம்பியின் நிலை இன்னும் சிக்கலானது. அவர் பயனருக்கு நெட்வொர்க் கணக்கு இல்லை. ஆகவே அவருடைய கோப்புகளுக்குக் கணக்கு எண்ணும் இல்லை. அந்நிலையில் அவை அந்தக் கன்சோலுக்குள்தான் பயன்படும். வெளியே எடுத்து மற்றொரு கன்சோலில் திறக்க வழியில்லை. இதற்குத் தீர்வு, பழுதுபார்க்கக் கொடுக்குமுன் தம்பிக்கு ஒரு கணக்கைத் தொடங்கி, அவருடைய அதே பயனருக்குள் இருந்துகொண்டு `Account Management` பகுதியில் `Sign In` செய்வது. கணக்கு தொடங்க இலவசம், சந்தா வேண்டியதில்லை. கணக்கு இணைந்ததும், அந்தப் பயனரில் அதுவரை இருந்த கோப்புகள் அவரிடமே தங்கும். அதன்பின் பென் டிரைவுக்குப் படியெடுக்கலாம்.

இதில் இரண்டு இடங்களில் கால் இடறலாம். தம்பிக்கென்று புதிய பயனரை உருவாக்கி அதில் கணக்கை இணைத்தால், பழைய பயனரின் கோப்புகள் அதற்குள் வாரா. பழைய பயனரிலேயே இணைக்க வேண்டும். மற்றொன்று, அவசரத்தில் வேறு யாருடைய கணக்கையாவது அதில் இணைத்துவிடுவது. ஒரு பயனரோடு ஒருமுறை இணைந்த கணக்கை மாற்றி வேறொன்றை வைக்க முடியாது. ஆகவே அது தம்பியே நெடுங்காலம் வைத்திருக்கப் போகும் கணக்காக இருக்க வேண்டும். கணக்கு தொடங்கும் வேலையைக் கைபேசியிலோ கணினியிலோ முன்பே முடித்துவிட்டால், இருபது நிமிட அவகாசத்தில் அது கை வைக்காது.

ஜி.டி.ஏ. 5 பற்றி ஒரு சிறு குறிப்பு. அதன் கதைப் பகுதி கன்சோலின் வன்தட்டில் சேமிக்கப்படுகிறது. இணையத்தில் பலரோடு ஆடும் பகுதியின் முன்னேற்றமோ விளையாட்டு நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. கன்சோலை அழித்தாலும் பின்னதற்கு ஒன்றும் ஆகாது. ஃபோர்ட்நைட் போல முழுக்க இணையத்திலேயே ஆடப்படும் விளையாட்டுகளுக்கும் இதுவே பொருந்தும். கதை விளையாட்டுகளே கவலைக்குரியவை.

## எடுத்தது சரியா என்று பார்த்தல்

படியெடுத்தல் முடிந்தது என்ற செய்தி வந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிடாமல், அதே பயனரில் `Application Saved Data Management` பகுதிக்குத் திரும்பி, `Saved Data on USB Storage Device` என்பதைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலில் வேண்டிய விளையாட்டுகள் இருக்கின்றனவா, கடைசியாக ஆடிய நாளின் தேதி காட்டுகிறதா என்று பார்ப்பதே சோதனை. `Corrupted Data` என்று ஏதேனும் தெரிந்தால் அதை மட்டும் மீண்டும் எடுக்க வேண்டும்.

பின்னர் பென் டிரைவைக் கணினியில் திறந்தால் கோப்புறைகள் இவ்வாறு அமைந்திருக்கும்:

```
PS4/
  SAVEDATA/
    1a2b3c4d5e6f7a8b/
      CUSA00000/
        SAVE0001
        SAVE0001.bin
    9f8e7d6c5b4a3f2e/
      CUSA00000/
```

மூன்றாவது வரியில் 16 எழுத்துகளில் உள்ளது ஒரு பயனரின் கணக்கு எண். `CUSA` என்று தொடங்குவது விளையாட்டின் அடையாளம். எண்களும் பெயர்களும் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விளையாட்டுக்கும் மாறும். கவனிக்க வேண்டியவை இரண்டே. வீட்டில் இரண்டு பயனர்கள் என்றால் `SAVEDATA` உள்ளே இரண்டு கணக்குக் கோப்புறைகள் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருக்கிறது என்றால் ஒருவருடையது விடுபட்டுவிட்டது. அடுத்து, ஒவ்வொரு சேமிப்புக்கும் ஒரு பெரிய கோப்பும் அதே பெயரில் `.bin` என முடியும் மிகச் சிறிய கோப்பும் இணையாக இருக்க வேண்டும். சிறியது, பெரியதைத் திறப்பதற்கான முத்திரையிட்ட சாவி. இடத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணிச் சிறிய கோப்புகளை நீக்கியவர்கள் பெரிய கோப்பையும் இழந்தவர்களே. கோப்புறைப் பெயர்களை மாற்றுவதும் கூடாது. மாற்றினால் கன்சோல் அவற்றைக் கண்டுகொள்ளாது.

இந்த `PS4` கோப்புறையை அப்படியே கணினிக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை. பென் டிரைவுகள் தொலைவதற்குப் பேர்போனவை.

## திரையே தெரியாதபோது

மேற்கண்டவை எல்லாம் கன்சோலின் பட்டியல் திரைக்குச் செல்ல முடிந்தால்தான் நடக்கும். பழுதுக்கு வரும் கன்சோல்களில் பலவற்றில் தொலைக்காட்சிக் கம்பி செருகும் எச்.டி.எம்.ஐ. துளையே உடைந்திருக்கும். கன்சோல் இயங்குகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் தெரிவதில்லை. தொலைவிலிருந்து ஆடும் வசதி முன்பே இயக்கப்பட்டு வீட்டுக் கணினியிலோ கைபேசியிலோ இணைக்கப்பட்டிருந்தால், அந்தச் செயலியின் வழியாகக் கன்சோலின் திரையைக் கண்டு, அதே பட்டியல்களில் சென்று படியெடுக்கலாம். இணைக்கப்படவில்லை என்றால் வழி குறுகிவிடும்.

அப்போது செய்யக்கூடியது வன்தட்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு, வெறும் கன்சோலை மட்டும் உள்ளூர்க் கடைக்குக் கொடுப்பது. பிளேஸ்டேஷன் 4இன் வன்தட்டை உரிமையாளரே மாற்றிக்கொள்ளலாம் என்றுதான் அந்தக் கன்சோல் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஸ்லிம் வகையில் பின்புற மூலையில் உள்ள சிறு மூடியை நீக்கினால், பொத்தான்களின் வடிவங்கள் பொறித்த ஒரு திருகு தெரியும். அதைக் கழற்றித் தட்டை வெளியே இழுத்துவிடலாம். சாதாரண 2.5 அங்குல வன்தட்டுதான். கடைக்காரர் துளையை மாற்றியபின் படம் வருகிறதா என்பதை வன்தட்டு இல்லாமலும் பார்த்துவிடலாம், அல்லது தன்னிடமுள்ள வேறு வன்தட்டைப் போட்டுப் பார்க்கலாம். வன்தட்டு வீட்டுக்கு வந்து அதே பலகையோடு சேர்ந்தால் எல்லாம் முன்போலவே இருக்கும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. பலகை அதேதாக இருக்க வேண்டும். துளை, மின்வழங்கி, விசிறி, வட்டு இயக்கி ஆகியவற்றில் உள்ள பழுதுகளுக்கு இது பொருந்தும். பலகையையே மாற்றினால் வன்தட்டு புதிய பலகையில் படிக்கப்படாது. ஆகவே கொடுக்கும்போதே "பலகையை மாற்ற வேண்டி வந்தால் முதலில் சொல்லுங்கள், துளையை மட்டும் சரிசெய்ய முடிந்தால் அதை மட்டும் செய்யுங்கள்" என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. உத்தரவாதக் காலத்தில் நிறுவனத்தின் சேவை மையத்துக்கு அனுப்பும்போது கன்சோலை முழுமையாகவே கேட்பார்கள். அப்போது இந்த வழி இல்லை. முன்பே எடுத்த பிரதிதான் துணை.

## எந்த மீட்டமைப்பு எதை அழிக்கும்

கன்சோல் பட்டியல் திரைக்கு வராமல் நின்றுவிட்டால், மின் பொத்தானை இரண்டாவது ஒலி கேட்கும்வரை, ஏறக்குறைய ஏழு நொடி, அழுத்திப் பிடித்தால் பாதுகாப்பு நிலை திறக்கும். கட்டுப்பாட்டுக் கருவியைக் கம்பியால் இணைத்திருக்க வேண்டும். அங்கே ஏழு தெரிவுகள் வரிசையாக இருக்கும். சேமிப்புக் கோப்புகளைப் படியெடுக்கும் தெரிவு அவற்றில் இல்லை.

நான்காவது `Restore Default Settings` அமைப்புகளை மட்டும் தொடக்க நிலைக்குக் கொண்டுவருகிறது. ஐந்தாவது `Rebuild Database` வன்தட்டில் உள்ளவற்றைத் துழாவி அட்டவணையைப் புதிதாக எழுதுகிறது. இவ்விரண்டும் சேமிப்புக் கோப்புகளை அழிப்பதற்கானவை அல்ல. ஆறாவது `Initialize PS4`, ஏழாவது `Initialize PS4 (Reinstall System Software)` ஆகிய இரண்டும் எல்லாவற்றையும் அழித்துவிடும். பெயர்கள் ஒன்றுக்கொன்று அடுத்தடுத்து இருப்பதால், அவசரத்தில் ஓர் அழுத்து கீழே போய்விட்டால் திரும்ப வழி கிடையாது. பட்டியல் திரை வராத கன்சோலில் முதலில் ஐந்தாவதைச் செய்து பார்ப்பதே முறை. அது பல நேரங்களில் கன்சோலை ஒருமுறையேனும் எழுப்பிவிடும். எழுந்தவுடன் விளையாட்டைத் தொடங்காமல் நேராகச் சேமிப்புக் கோப்புகளைப் பென் டிரைவுக்கு எடுத்துவிட வேண்டும். அடுத்த முறை எழுமா என்பது தெரியாது.

கொடுக்குமுன் செய்ய வேண்டிய இன்னும் இரண்டு சிறு வேலைகள் உண்டு. கோப்பைகள் பக்கத்தில் `OPTIONS` பொத்தானை அழுத்தி இணையத்தோடு ஒத்திசைப்பது ஒன்று. `Account Management` பகுதியில் அக்கன்சோலை முதன்மைக் கன்சோல் என்ற நிலையிலிருந்து நீக்குவது மற்றொன்று. பின்னதைச் செய்யாமல் விட்டு வேறு கன்சோல் கிடைத்தால், இணையத்தளத்தின் வழியாக நீக்கலாம். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் அதற்கு அனுமதி.

## திரும்பி வந்தபின்

கன்சோல் அழிக்கப்பட்டுத் திரும்பியிருந்தால் வரிசை முக்கியம். முதலில் கணினி மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். புதிய பதிப்பில் எழுதப்பட்ட கோப்பைப் பழைய பதிப்பு திறக்காமல் போகலாம். பின்னர் பயனரை உருவாக்கி, முன்பு பயன்படுத்திய அதே கணக்கில் உள்நுழைய வேண்டும். அதன்பின் விளையாட்டைத் தொடங்காமல், பென் டிரைவைச் செருகி `Copy to System Storage` வழியாகக் கோப்புகளை உள்ளே கொண்டுவர வேண்டும். விளையாட்டு இன்னும் நிறுவப்படாவிட்டாலும் இது நடக்கும்.

விளையாட்டை முதலில் தொடங்கிவிடுவதில்தான் ஆபத்து. தொடங்கியதும் அது ஒரு வெற்றுச் சேமிப்புக் கோப்பை எழுதும். சந்தா உள்ளவர்களின் கன்சோலில் தானியங்கி ஏற்றம் இயங்கிக்கொண்டிருந்தால், தேதியில் புதியதான அந்த வெற்றுக் கோப்பு மேகத்தில் உள்ள நூறு மணி நேரக் கோப்பின் இடத்தைப் பிடித்துவிடக்கூடும். ஆகவே மேகத்திலிருந்து மீட்பவர்கள் உள்நுழைந்ததும் `Auto-Upload` பகுதியை அணைத்துவிட்டு, கோப்புகளைக் கீழே இறக்கிச் சரிபார்த்தபின் மீண்டும் இயக்கலாம்.

பென் டிரைவைச் செருகியும் பட்டியல் வெறுமையாக இருந்தால், அதே பென் டிரைவைக் கணினியில் பார்க்க வேண்டும். கோப்புகள் அங்கே இருக்கின்றன, கன்சோலில் தெரியவில்லை என்றால், பெரும்பாலும் உள்நுழைந்திருப்பது வேறு கணக்கு. முந்தைய எடுத்துக்காட்டில் அண்ணன் உள்நுழைந்துகொண்டு தம்பியின் ஜி.டி.ஏ. கோப்பைத் தேடினால் இதுதான் நேரும்.

கோப்பு தெரிகிறது, விளையாட்டுக்குள் திறக்க மறுக்கிறது என்றால், பெரும்பாலும் விளையாட்டின் பதிப்பு பழையது. வட்டில் உள்ளது வெளியான நாளின் பதிப்பு. ஆடியதோ பல திருத்தங்களுக்குப் பிந்தையது. தி விட்சர் 3 போன்றவற்றில் கூடுதல் பாகங்களும் முன்பு நிறுவப்பட்டிருந்திருக்கும். திருத்தங்களையும் கூடுதல் பாகங்களையும் முழுமையாகப் பதிவிறக்கியபின் திறந்து பார்க்க வேண்டும். அதற்குள் பொறுமையிழந்து கோப்பை நீக்கிவிடக் கூடாது. எல்லாம் திறந்து ஓரிரு நாள் ஆடும்வரை பென் டிரைவில் உள்ளதையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

## மற்ற கன்சோல்களில்

பிளேஸ்டேஷன் 5 கன்சோலில் நிலைமை மாறுகிறது. அதில் ஆடப்படும் பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளின் சேமிப்புக் கோப்புகளை முன்போலவே பென் டிரைவுக்கு எடுக்கலாம். பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுகளின் கோப்புகளைத் தனியே பென் டிரைவுக்கு எடுக்கும் வசதி கொடுக்கப்படவில்லை. சந்தா கட்டி மேகத்தில் ஏற்ற வேண்டும், அல்லது `Back Up and Restore` வழியாகக் கன்சோலை முழுப் பிரதி எடுக்க வேண்டும். முழுப் பிரதியில் விளையாட்டுகளை விலக்கிவிட்டால் அளவு வெகுவாகக் குறையும். ஆனால் அந்தப் பிரதியை மீட்கும்போது கன்சோலில் அப்போது உள்ளவை அனைத்தும் அழிந்தபின்தான் பழையது வரும். ஒரு விளையாட்டின் கோப்பை மட்டும் அதிலிருந்து உருவி எடுக்க முடியாது. அதன் உள் நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால், வன்தட்டைக் கழற்றி வைத்துக்கொள்ளும் உபாயமும் இங்கே செல்லாது.

நின்டெண்டோ சுவிட்ச் கன்சோலில் பென் டிரைவ் வழியே இல்லை. சேமிப்புக் கோப்புகள் உள் நினைவகத்தில் மட்டுமே இருக்கின்றன. மைக்ரோ எஸ்.டி. அட்டையைக் கழற்றி வைத்துக்கொள்வதால் அவை காக்கப்படுவதில்லை. கட்டணச் சந்தாவோடு வரும் மேகச் சேமிப்பு ஒரு வழி. இயங்கும் நிலையில் உள்ள மற்றொரு சுவிட்சுக்கு நேரடியாக மாற்றுவது இன்னொரு வழி. மேகச் சேமிப்பு எல்லா விளையாட்டுக்கும் கிடையாது. ஸ்பிளாட்டூன் 2, போக்கிமான் சுவார்டு, ஷீல்டு ஆகியவற்றின் கோப்புகள் மேகத்தில் ஏறுவதில்லை. அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் விளையாட்டில் தீவைக் காப்பதற்கு விளையாட்டுக்குள்ளேயே தனி ஏற்பாடு உள்ளது. அதை விளையாட்டின் அமைப்புகளில் சென்று இயக்கியிருந்தால்தான் வேலை செய்யும்.

எக்ஸ்பாக்ஸ் ஒன், அதற்குப் பின் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களில், இணைய இணைப்பும் கணக்கும் இருந்தால் சேமிப்புக் கோப்புகள் கூடுதல் கட்டணமின்றித் தாமாகவே மேகத்தில் ஏறிவிடுகின்றன. அங்கே கவனிக்க வேண்டியது, கடைசியாக ஆடியபோது இணையம் இருந்ததா என்பதுதான். இணைப்பு இல்லாமல் சில வாரம் ஆடியிருந்தால், கொடுப்பதற்கு முன் கன்சோலை இணையத்தோடு இணைத்து, அந்த விளையாட்டை ஒருமுறை திறந்து, முறையாக மூடி, ஒத்திசைவு முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காமல் விட வேண்டும்.